விளக்கைப் பிரித்துக் கீறிய படம்

மன்னாரில் அரசாங்கக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்த நான் கீறியதெல்லாம் மதகும் பாலமும்தான். துரை கையெழுத்து வைத்ததும் அவை அலுமாரிக்குள் போய்விடும், பிறகு யாரும் பார்ப்பதில்லை. அந்த வேலை எனக்கு அறவே பிடிக்கவில்லை. கொழும்புக்குப் போய் விளம்பரப் படம் கீற வேண்டும், என் படத்தை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

பள்ளிமுனையில் கடை வைத்திருந்த அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அப்போது காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு விற்கத் தொடங்கியிருந்தார். விளக்கின் உள்ளுறுப்புகளைக் காட்டித் தமிழில் ஒரு விளம்பரத் தாள் அச்சடிக்கச் சொன்னது விளக்கு அனுப்பும் கொழும்புக் கம்பனி. படம் திருப்தியாக இருந்தால் கீறியவனையே வேலைக்கு எடுப்போம் என்றும் சொல்லியனுப்பியது. அந்த ஒரு பேச்சில் எனக்கு நித்திரை போய்விட்டது.

கடை மேசையில் ஒரு விளக்கை முழுதாகக் கழற்றினேன். ஒரு மெல்லிய நடுக்கோடு இழுத்து, உறுப்புகள் எந்த ஒழுங்கில் கழன்றனவோ அந்த ஒழுங்கிலேயே ஒன்றன் மேல் ஒன்றாக, இடைவெளி விட்டு, அந்தரத்தில் நிற்கக் கீறினேன். அடியில் எண்ணெய்த் தொட்டி. அதற்கு மேல் எண்ணெய் ஏறிச் சூட்டில் ஆவியாகும் குழாய், ஆவி பீறிடும் ஊசித்துளை, வெள்ளைத் துணி வலை, கண்ணாடி, மூடி. எரிந்த வலை தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் எரியாத வலையையே பார்த்துக் கீறினேன். பக்கத்தில் இன்னொரு கோட்டில், நிமிர்ந்து நிற்கும் காற்றுப் பம்பு. அதன் தண்டின் நுனியில் தோலால் செய்த சின்னக் குவளை, வாய் கீழே பார்த்தபடி. என் வாழ்நாளில் அதைப் போல ஒன்றை நான் கீறியதில்லை.

அத்தான் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னடாப்பா, கோப்பையைக் கவிட்டு வச்சிருக்கிறாய்? கடலுக்குப் போற சனம், வள்ளமும் கவிண்டிடும் எண்டு, வள்ளத்துக்குள்ள ஒரு சட்டியைக் கூடக் கவிட்டு வைக்காது. கவிண்டதைப் படத்தில கண்டால் விளக்கு வாங்குவினமோ?"

"அத்தான், அது அப்பிடித்தான் இருக்க வேணும். அமத்தேக்க விளிம்பு விரிஞ்சு காத்தைக் கீழ தள்ளும், இழுக்கேக்க சுருங்கிக் காத்தை உள்ள விடும். நிமித்திப் போட்டால் அமத்திற காத்தெல்லாம் மேலால போயிடும். விளக்கு எரியாது."

"ஓம், ஓம்" என்றார். படத்தைச் சுருட்டிக்கொண்டு அச்சுக்கட்டை செய்விக்க யாழ்ப்பாணம் போனார்.

அச்சான தாள்கள் வந்த அன்று கந்தோரிலிருந்து நேரே கடைக்கு ஓடினேன். எல்லாம் என் கோடுகள். குவளை மட்டும் வாய் மேலே பார்த்து, கள்ளுக்கு ஏந்தியது போல நின்றது. அத்தான்தான் அச்சுக்கட்டை செய்கிறவனைக் கொண்டு வெள்ளை பூசித் திருப்பிக் கீறுவித்திருக்கிறார். கத்தினேன். அத்தான் சிரித்தார். "இந்தச் சின்ன நொட்டையை ஆர் பாக்கப்போறது?"

சனம் பார்த்தது. பம்பின் குவளைத் தோல் தேய்ந்து புதுத்தோல் மாற்றியவர்கள் கடைச்சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தே மாட்டினார்கள். கை ஓயக் காற்றடித்தும் எரியவில்லை என்று விளக்குகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். முறைப்பாடு கொழும்புக்குப் போய், கம்பனியிலிருந்து ஒரு தமிழ் எஞ்சினியர் கடைக்கே வந்து நின்றார்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்ல கை" என்றார். பிறகு விரலைக் குவளையில் வைத்தார். "பம்பு வேலை செய்யிற விதம் தெரியாத ஆள். இதை ஆர் கீறினது?"

அத்தான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா தேத்தண்ணியோடு உள்வாசலில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் கண் என்னைக் கெஞ்சியது. அத்தான் திருத்தினார் என்று சொன்னால் விளக்கு வியாபாரம் போகும், அதை நம்பிக் கடன் வாங்கிய கடையும் போகும்.

"நான்தான்" என்றேன்.

எஞ்சினியர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கொழும்பு வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி வரை மதகுதான் கீறினேன். ஆசை விட்டுப்போகவில்லை, அதுதான் கொடுமை.

என் கையால் கீறி அச்சேறியது அந்தப் படம் ஒன்றுதான். வெகுகாலம் கழித்து, ஒரு கலியாண வீட்டில், அத்தான் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். என் தோளில் அன்பாகத் தட்டித்தான் சொன்னார்:

"இவன் அண்டைக்கு அந்தக் கோப்பையை மட்டும் சரியாக் கீறியிருந்தால் இப்ப கொழும்பில பெரிய ஆள்."