பேனாவை மூடிய பிறகு

பேனாவின் மூடி விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கால்கள் எழுந்து நிற்கப் பார்க்கின்றன. வங்கியில், தபால் கந்தோரில், மகளின் பள்ளிக்கூடத்தில், யார் மூடினாலும் சரி. ‘டக்’. உடனே மூச்சு ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறது. ஹட்டனில் ஒரு மாடி அறை, ஈரக் குடைகளின் வாடை, மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு முகங்கள். “நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?”

நான் வேலைகளில் தங்காதவன். துணிக்கடை, அச்சகம், மருந்துக்கடை, மறுபடியும் துணிக்கடை. கொழும்பு, கண்டி, கொழும்பு. எங்கே போனாலும் மலை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிடும். மலைக்கு வந்தால் ரோடு கூப்பிடும். அப்படியே நாற்பதும் கடந்துவிட்டது. கடைசி முறை வீட்டுக்கு வந்தபோது மகள் என்னைவிட உயரமாக நின்றாள். என் செருப்பை யாரோ விருந்தாளியின் செருப்பு என்று எடுத்து ஓரமாக வைத்தாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி இரவில் வீட்டில் தூங்கும் வேலை வேண்டும் என்று.

கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கொழும்புக்குப் போக வேண்டும். மனைவியின் அண்ணன் கடையில் எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்.

ஹட்டனில் இருந்தது ஒரு பயிற்சி நிலையம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தையல், மின்சார வேலை, கைபேசி திருத்தும் வேலை எல்லாம் பழக்குகிறார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டம் வைத்து, பெற்றோரிடம் பேசி, பிள்ளைகளைச் சேர்க்க ஓர் ஆள் தேவை. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மனைவி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள், அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். என்னை நம்பாமல்தான்.

லிந்துலையில் பஸ் ஏறியதும் ஆரம்பித்தாள்.

“கடைசில கேப்பாங்களே, ஒங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னு. என்னத்த கேக்கப்போறீங்க?”

“பாத்துக்கலாம்.”

“போன தடவ பாத்துக்கிட்டது போதாதா?”

முன்னால் இருந்தவர் தலையைத் திருப்பினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன தடவை என்பது நுவரெலியாவில் ஒரு ஓட்டல். எல்லாக் கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னேன். கடைசியில் மனேஜர் பேனாவை மூடிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். என் வாய் தானாகத் திறந்தது. “குவாட்டஸ் குடுப்பீங்களா சேர்?”

வேறு என்ன வரும்? நான் பிறந்த லயத்துக் காம்பரா, வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில் ஓர் அறை, அது வீட்டில் ஒருவருக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருக்கும் வரைக்கும்தான் எங்களுடையது. வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை என்றால் முதலில் கூரையைத்தான் கேட்போம். மனேஜர் சிரித்தார். பிறகு கூப்பிடவில்லை. அதற்கு முன்னால் கண்டியில் அதே கேள்விக்கு “ஒண்ணும் இல்லீங்க சேர்” என்றேன். பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது வரிசையில் நின்று சொல்வது போல, கையைக்கூடக் கட்டிக்கொண்டு. அங்கே இருந்தும் கூப்பிடவில்லை.

“சரி, நீயே சொல்லு,” என்றேன். “நெலயம் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேக்கவா?”

“அது வாசல்ல போர்டுலயே இருக்கும். கண்ணு தெரியாதவர்னு நெனப்பாங்க.”

“சம்பளம்?”

“வேல குடுக்கறோம்னு சொன்னப்பறம் கேளுங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல நகையப் பத்தியா பேசுவாங்க?”

“ஒங்க வீட்டுல எங்க அப்பா பேசினாரே.”

“அதுனாலதான் ஒண்ணும் கெடைக்கல.”

பஸ் தலவாக்கலையில் நின்று இரைந்தது. மழை ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும் அடித்தது. மூன்று கேள்விகளைத் தேர்ந்து வைத்தேன். முதல் மூன்று மாதத்தில் என்ன செய்து காட்டினால் நல்லது என்பார்கள்? யாரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்? மூன்றாவதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

“இதுக்கு முன்னாடி இருந்தவரு ஏன் போனாருன்னா? வேணாங்க. அடுத்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு.”

“நாளைக்கி அந்த அடுப்புலதானே நான் வேகணும்?”

கொட்டகலை தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள். “என்னத்தையோ கேளுங்க. எப்ப முடிவு சொல்லுவாங்கன்னு மட்டும் மறக்காம கேட்டுருங்க. திங்கக்கெழம நீங்க போறீங்களா இருக்கீங்களான்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கா.”

மாடிப்படிக்குக் கீழே தேத்தண்ணிக் கடையில் அவளை உட்கார வைத்துவிட்டு ஏறினேன்.

இருவர் இருந்தார்கள். நிலையத்தின் பொறுப்பாளர், நரைத்த தலை, சிங்களவர். அவரை ‘சேர்’ என்றார்கள். பக்கத்தில் ஹட்டனிலேயே வளர்ந்த ஒரு தமிழ் மிஸ். சேர் சிங்களத்தில் கேட்டார், மிஸ் தமிழில் கேட்டார், நான் இரண்டிலும் மாறி மாறிப் போனேன். நன்றாகத்தான் போனது. ஆனால் பேச்சோடு பேச்சாக மிஸ்ஸே சொல்லிவிட்டார், முதல் மூன்று மாதத்தில் எந்தெந்தத் தோட்டம், என்ன எதிர்பார்ப்பு என்று. சேர் என்னோடு வேலை செய்யப்போகும் ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னார். என் கையில் இருந்த மூன்றில் இரண்டு கண் முன்னாலேயே கரைந்து போயின. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் தேடினேன். ஒன்றும் இல்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்ற அடுப்பு ஒன்றுதான் மிச்சம்.

டக்.

“நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார் மிஸ்.

கைகள் கட்டிக்கொள்ளப் போயின. பிரித்து மேசையில் வைத்தேன். ஏன் போனார் என்று கேட்டால் குற்றம் தேடுகிற மாதிரி இருக்கும். வார்த்தையைத் திருப்பிப் போட்டேன்.

“இந்த எடம் புதுசா உண்டாக்கினதா மிஸ், இல்ல முன்னாடி ஒருத்தர் இருந்தாரா? இருந்திருந்தா, இந்த வேலையில அவருக்கு எது ரொம்ப சிரமமா இருந்துச்சு? அது தெரிஞ்சா நான் எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னு யோசிக்கலாம்.”

மிஸ் சேரைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே பஸ்காரன் கொழும்பு கொழும்பு என்று கத்தினான். சேர் மூடிய பேனாவை மேசையில் உருட்டினார்.

“ரெண்டு பேர் இருந்தாங்க,” என்றார் மிஸ். “ரெண்டு பேரும் நல்லவங்கதான். கூட்டம் போட்டா ஆள் வர்றதில்ல. வராததுனால புள்ளைங்க சேர்றதில்ல. மேலிடத்துக்கு அனுப்பற அறிக்கையில அவங்கமேலதான் குத்தம் விழும். வெறுத்துப் போயிட்டாங்க.”

“கூட்டம் எத்தன மணிக்கு வைப்பாங்க மிஸ்?”

“வேல நாள்ல, காலையில பத்துக்கு.”

பத்து மணிக்குத் தோட்டத்தில் யார் இருப்பார்கள்? எல்லாரும் மலையில் நிற்பார்கள். கொழுந்தை விட்டு இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். மிஸ்ஸுக்கும் அது தெரிந்திருக்கிறது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அங்கே நிறுத்தியிருக்கலாம். என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதோடு வாயும் போனது.

“நேரத்த மாத்துற அதிகாரம் இந்த வேலையில இருக்கறவருக்கு உண்டுங்களா?”

மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லத் தேவையே இல்லை, சேருக்குப் புரிந்திருந்தது. பேனா உருளுவது நின்றது.

“இதுவரைக்கும் இல்ல. கொழும்புத் தலைமை ஆபீஸ்லதான் தீர்மானிக்கறாங்க,” என்றார் மிஸ்.

சேர் பேனாவைத் திறந்தார். ஏதோ எழுதினார். என் பேரை அடிக்கிறாரா, அடிக்கோடு போடுகிறாரா? தலைகீழாக எழுத்து தெரியவில்லை. நன்றி சொல்லி எழுந்தேன். கதவு, படி, கைப்பிடிக் கம்பியின் குளிர், மழை.

கடையில் மனைவி இரண்டாவது தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே தலையில் கையை வைத்துவிட்டாள்.

“வேல கேக்கப் போனீங்களா, விசாரண நடத்தப் போனீங்களா? அதிகாரம் உண்டான்னு கேட்டீங்களாம்! பெரிய தொர!”

“பதில் தெரியாம சேந்தா மூணாவது ஆளா நானும் ஓடி வந்திருப்பேன். அப்பறம் அதே கொழும்புதான்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்வது தெரிந்தது.

“சரி. எப்ப சொல்லுவாங்களாம்?”

நான் அவளையே பார்த்தேன்.

“கேக்கல?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஐயோ சாமி. அந்த ஒண்ணத்தானே சொல்லி அனுப்பினேன்!”

“போன் பண்ணுவாங்க.”

“எப்ப? நீங்க அண்ணன் கடையில துணி மடிச்சுக்கிட்டு இருக்கும்போதா? போங்க. போய்க் கேட்டுட்டு வாங்க.”

“திரும்பப் போனா என்ன நெனப்பாங்க?”

“மறந்துட்டாருன்னு நெனப்பாங்க. அது உண்மதானே?”

மறுபடியும் ஏறினேன். இந்த முறை படிகள் செங்குத்தாகிவிட்டன. அறைக்கு வெளியே சேர் குடையை உதறிக்கொண்டு நின்றார், மிஸ் உள்ளே நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். மன்னிக்கச் சொல்லி, சிங்களத்தில் கேட்டேன்: முடிவை எப்போது சொல்வீர்கள்? திங்கட்கிழமை கொழும்பில் ஒரு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. எனக்கு இங்கேதான் இருக்க விருப்பம்.

அவர் குடையை மடித்தார். “நானும் ஒன்று கேட்கலாமா?” என்றார் சிங்களத்தில். “நேரத்தை மாற்ற கொழும்பு விடாவிட்டால், அப்போதும் வருவீர்களா?”

இதற்கு நான் தயார் செய்யவில்லை. வருவேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. மகளின் முகம் வந்தது, ஓரமாக வைத்த செருப்பு வந்தது. பதில் தமிழில் வந்தது.

“வருவேன் சேர். ஆனா மொதல் பத்து மணிக் கூட்டத்துக்கு நீங்களும் வரணும். காலி நாற்காலிங்கள என்கூட உக்காந்து பாக்கணும். பாத்துட்டு அறிக்கைய நீங்க எழுதணும்.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் நின்றது. மிஸ் கதவருகே வந்து நின்றார். சேர் என்னைப் பார்த்தார், கோபமா சிரிப்பா என்று பிடிபடாத பார்வை.

“மலையில இருந்து எத்தன மணிக்கு எறங்கறது?” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

“அந்தி நிறுவை முடிஞ்சதும் சேர். கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு, ஊட்டுக்கு அடுப்பு மூட்டப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கெடைக்கும். நிறுக்கற கொழுந்து மடுவத்துப் பக்கத்துலயே கூட்டத்த வைக்கலாம்.”

தலையை ஆட்டினார். சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமக்குள்ள போன் வரும். நாங்க சொல்ற வரைக்கும் கொழும்பு பஸ் ஏற வேணாம்.”