வாடகை ரசீது

என் கணவரின் அண்ணன் மக்கள் இன்றும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய் உட்காருவார்கள். அவர்கள் அப்பாவின் தொழிலை நான் கெடுத்தேன் என்பது அவர்கள் கணக்கு. என்ன நடந்தது என்று அவர்களில் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்து சொல்கிற ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கணவரும் அவர் அண்ணனான மச்சாண்டாரும் மாவு மில் வைத்திருந்தார்கள். மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் அரைப்போம். இருந்தது ஒரே மிஷின். அதை வாங்கியபோது என் வளையல்களை விற்றுத்தான் பணம் கட்டினோம். என் அப்பா பிடிவாதமாக நின்று கடைக்காரரிடம் பில்லை என் பெயரில் போட வைத்தார். மச்சாண்டாருக்கு அன்றே அது பிடிக்கவில்லை.

மச்சாண்டார் இரண்டாவது மிஷின் வாங்க வேண்டும் என்றார். என்னிடம் கேட்காமலே முன்பணமாக இருநூறு வெள்ளி கட்டிவிட்டார்; அங்கே டாலரை வெள்ளி என்போம். மீதிக்கு வட்டிக் கம்பெனி ஒன்றில் கடன். பழைய மிஷினை அடமானமாக எழுதிக் கொடுக்க வேண்டும், மிஷின் மில்லிலேயே ஓடலாம், தவணை தவறினால் கம்பெனி வந்து எடுத்துக்கொள்ளும். பில் என் பெயரில் இருந்ததால் என் கையெழுத்து வேண்டியிருந்தது.

கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பே கம்பெனி குமாஸ்தா பத்திரத்தின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். எல்லாம் இங்கிலீஷ். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு.

“படிக்கணும்னு ஒண்ணும் இல்ல. காட்டுற இடத்துல போடு” என்றார் மச்சாண்டார்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்த நகலைக் கூடையில் வைத்து எடுத்துப்போனேன். அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில், மேசை போட்டு மனு எழுதும் பாய் ஒருவர் இருந்தார். முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் முன்னால் நின்றேன். தாளை நீட்டினேன்.

“ஒரு வெள்ளி” என்றார். கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். அங்கேதான் அடமானப் பொருள்களின் பட்டியல் இருந்தது.

“மிஷின், மோட்டார், தராசு. நம்பரோட எழுதியிருக்கான். உங்க சொத்துதானே?”

தலையாட்டினேன்.

“ஒரு தவணை ஏழு நாள் தாண்டினா மீதிக் கடன் முழுசும் உடனே கட்டணும். அபராத வட்டி இருக்கு பாருங்க. தவறின தவணைக்கு மட்டும் போட்டா நியாயம். இவன் பாக்கி இருக்கிற மொத்தத்துக்கும் போடுறான். லைசென்ஸ் வச்சு வட்டிக்கு விடுறவன் இப்படிப் போடக்கூடாது, கோர்ட்டுல நிக்காது. ஆனா நீங்க கோர்ட்டுக்குப் போற ஆளா தங்கச்சி?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அதான் அவனுக்கும் தெரியும்” என்றார். பிறகு அடுத்த பக்கத்தில் விரலை வைத்தார். “எப்பெல்லாம் மிஷினைத் தூக்கலாம்னு இங்க இருக்கு. தவணை தவறினா. நீங்க திவாலானா. மிஷினை வேற இடத்துக்கு மாத்தினா. அப்புறம் இது: கம்பெனி எழுத்துல கேட்டா, கடைசியாக் கட்டின வாடகை ரசீதைக் காட்டணும். தக்க காரணம் இல்லாமக் காட்டலன்னா எடுத்துக்கலாம்.”

“தவணை ஒழுங்காக் கட்டினாலுமா?”

“கட்டினாலும்தான். ரசீது இருக்குல்ல?”

எங்களிடம் ஒரு ரசீதும் கிடையாது. அந்தக் கட்டடத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் பிரித்துப் பிரித்து விட்டிருந்தவர் மாடியில் இருந்தார். சீஃப் டெனன்ட் என்போம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொன்னதைவிட அதிகம் வாங்கினார். அதனால் யாருக்கும் எழுத்தில் எதுவும் கொடுக்கமாட்டார்.

“அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க” என்றார் பாய். “போட்டுக்கலாம்னு சட்டம் சொல்லுது. போட்டே ஆகணும்னு சொல்லல.”

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் மாடிக்குப் போய்க் கேட்டார். கீழே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

“ரசீதா? பத்து வருஷமா இல்லாத ரசீது இப்ப எதுக்கு? ரெண்ட் ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் குடுக்கவா? வேணாம்னா காலி பண்ணு லா, உன் இடத்துக்கு நாலு பேர் நிக்கிறான்.”

இறங்கி வந்தவர் என்மேல் எரிந்து விழுந்தார். “உனக்கு யாரு அஞ்சடியில போய் நிக்கச் சொன்னது?”

மறுநாள் மதியம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கம்பெனி மாடிக்குப் போனோம். குமாஸ்தா பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.

“என்னம்மா, கை வலிக்குதா?”

ரசீது என்கிற வரியைக் காட்டினேன். பாய் அதன் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். “இதை அடிச்சுட்டா போடுறேன்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். அபராத வட்டியையும் சொல்ல நினைத்துத்தான் போனேன். அதற்குத் தைரியம் போதவில்லை.

குமாஸ்தா மச்சாண்டாரைப் பார்த்துச் சிரித்தார். “வீட்டுல லாயர் வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே. அது சும்மா அச்சுல வர்ற வரிம்மா. யாரும் கேக்கமாட்டோம்.”

“சும்மா வர்றதுன்னா அடிச்சிடலாமே.”

அவர் சிரிப்பு நின்றது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே முதலாளியிடம் போனார். மச்சாண்டார் என் கணவரிடம், நான் அங்கே இல்லாதது போல, “உன் பொண்டாட்டிக்கு வளையல் போன வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலடா” என்றார். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா திரும்பி வந்தார். “முதலாளி ஒரு எழுத்தும் மாத்தமாட்டாராம். உங்க இடத்துல யாருக்கும் ரசீது இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா? இஷ்டம்னா போடுங்க, இல்லன்னா எழுந்திரிங்க. வெளிய ஆள் நிக்குது.”

அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்த வரியை வைத்திருந்தார்கள். என் கணவர் அப்போதுதான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். மச்சாண்டார் மட்டும், “போடு” என்றார். நான் எழுந்து படி இறங்கிவிட்டேன்.

தெருவில் வைத்து மச்சாண்டார் சொன்னார்: “முன்பணம் இருநூறு வெள்ளி உன்னால போச்சு. இனி நீ இருக்கிற எடத்துல எனக்குத் தண்ணிகூட வேணாம்.” சொன்னபடியே செய்தார். அந்த மாதமே தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். புது மிஷின் கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. சில மாதத்தில் பக்கத்துச் சந்தில் இரண்டு மிஷினோடு வேறு மில் வந்தது. எங்கள் வாடிக்கையில் பாதி அங்கே போனது. மச்சாண்டார் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

என் கணவர் ஒரு மாதம்போல என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை நான் வைப்பேன், அவர் சாப்பிட்டு எழுவார். மிஷின் மட்டும் பகலெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி வாடகையை எடுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போனார். நான் கீழே மிளகாய் சலித்துக்கொண்டிருந்தேன். “ரசீது குடுங்க” என்று அவர் குரல் கேட்டது. பிறகு சீஃப் டெனன்ட் கத்துவது கேட்டது. வெறுங்கையோடு இறங்கி வந்தார். அதற்கு அடுத்த மாதமும் போய்க் கேட்டார். அந்தக் கட்டடத்தை விட்டு நாங்கள் போகும்வரை ஒவ்வொரு மாதமும் கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.