வலை நாடா நின்ற இடம்

விரிசலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பெயிண்ட் கடைக்காரர். வெள்ளையடிக்கிறவர்கள் கை வைக்கத் தயங்கும் சுவர் என்றால், "அதுக்கு விரிசலக்காவைக் கூப்பிடுங்க" என்பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொத்தனாருக்குக் கல் தூக்கிக் கொடுத்துக்கொண்டே சுவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மனிதர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம், சுவரைப் பார்க்க என்ன கூச்சம். பேச்சு வராது, வேலை பேசும் என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

அந்த நல்ல பெயரை நினைத்துத்தான் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வீட்டு அம்மா போன் செய்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வேலை செய்த வீடு. "அந்த விரிசல் திரும்ப வந்திருச்சும்மா. உன் மேல தப்பில்ல. எல்லாம் என் மருமக தையல் மெஷின் பண்ற வேலை. சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க கடகடன்னு ஓட்டுறா. சனிக்கிழமை மெஷின் வாங்க ஆள் வருது. நீ வந்து விரிசலை மட்டும் அடைச்சுக் குடு."

உன் மேல தப்பில்ல. அந்த வார்த்தைதான் விடாமல் குத்தியது.

தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்த அறையில் கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை விரிசல். நாணயம் நுழையும் அகலம். தூண் ஒரு மாதிரி விரியும், செங்கல் ஒரு மாதிரி விரியும். வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட இடத்தில் வளைந்து கொடுக்கிற பேஸ்ட் வேண்டும், அதன் மேல் விரிசலை இழுத்துப் பிடிக்கும் வலை நாடா வேண்டும். அன்றைக்கு இடுப்பு உயரத்துக்கு வந்தபோது நாடாச் சுருள் தீர்ந்துபோனது. பேஸ்ட் டப்பாவும் அடியைத் தொட்டது. கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம். மறுநாள் வேறு வீட்டில் வேலை தொடங்க வேண்டும். கீழ்ப்பகுதியை எப்படியும் தையல் மெஷின் மேஜை மறைத்துவிடும் என்று நினைத்தாள். சுவரை வழவழப்பாக்கும் சாதாரணப் பட்டித் தூளைக் குழைத்து அப்பித் தேய்த்து, மேலே ரப்பர் மாதிரி வளையும் பெயிண்டை இரண்டு கோட் அடித்துவிட்டு வந்தாள். அந்தப் பெயிண்ட் மயிரிழை விரிசலைத் தாங்கும். உள்ளே காய்ந்து இறுகிப்போன பட்டி உடைந்து அகலமாகப் பிளந்தால் அது என்ன செய்யும், அதுவும் சேர்ந்து கிழியும்.

வெள்ளிக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பையில் இந்தத் தடவை புது நாடாச் சுருள் இரண்டு, பேஸ்ட் டப்பா இரண்டு.

மெஷின் அறையின் நடுவுக்கு நகர்த்தப்பட்டிருந்தது. அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். பக்கத்தில் மருமகள் தரையில் உட்கார்ந்து கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. குத்தவாளி நடுவுல நிக்குது பாருங்க," என்றாள், மெஷினைக் காட்டி.

"வாய் மட்டும் குறையல," என்றார் மாமியார். "நானும் மூணு மாசமா சொல்றேன், தள்ளிப் போடு தள்ளிப் போடுன்னு. காதுல விழுந்தாத்தானே."

"தள்ளிப் போட்டா கதவு திறக்காது அத்தை. கதவையும் சேர்த்து வித்துரலாமா?"

விரிசலக்கா சுவரைப் பார்த்தாள். மேலே ஒரு கோடு கூட இல்லை. இடுப்பு உயரத்தில், கத்தியால் கீறியதுபோல, விரிசல் தொடங்கித் தரை வரை ஓடியது.

"பாத்தியா," என்றார் மாமியார். "மெஷின் உயரத்துக்குச் சரியா இருக்கு. இதுக்கு மேல சாட்சி வேணுமா."

சாட்சி வேண்டாம் என்றுதான் அவளும் நினைத்தாள். பேசாமல் வெட்டி, பேசாமல் நிரப்பி, இந்தத் தடவை முழுக்க நாடா ஒட்டிவிட்டால் இந்த விரிசல் இனி வராது. மெஷின் போன பிறகு வராததால், மெஷின்தான் காரணம் என்று காலத்துக்கும் நிரூபணமாகிவிடும். அவளுடைய நல்ல வேலையே இந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சுரண்டியை எடுத்துக் கீழே ஒரு இழு இழுத்தாள். பட்டி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பொத்தான் தைத்த கை நின்றது. மருமகள் அவளைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தாள். துடைத்து எண்ணெய் விட்டு, விற்பதற்குத் தயாராக இருந்தது.

விரிசலக்கா எழுந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு விரல் மேலே பெயிண்டைச் சுரண்டினாள். வெள்ளை வலை தெரிந்தது.

"அம்மா, இங்க வாங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது வலை நாடா. மேல இருக்கு. இதோ, இங்க நின்னுருச்சு. கீழ இல்ல. அன்னிக்குத் தீர்ந்துபோச்சு. மேஜை மறைச்சுக்கும்னு வெறும் பட்டிய அப்பிட்டுப் போயிட்டேன். மெஷின் ஒண்ணும் பண்ணல. நான் பண்ணது."

மாமியார் வலையைத் தொட்டார். கீழே தொட்டார். விரலில் மாவாக ஒட்டிய பட்டியைப் பார்த்தார்.

"போன்ல பேசினப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரல."

"வாய் வராதவளை வேலைக்குக் கூப்பிட்டா இப்படித்தான்," என்றார். பிறகு மருமகளை ஒரு தடவை பார்த்தார். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினார்.

மருமகள் நன்றி சொல்வாள் என்று விரிசலக்கா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இதையும் எதிர்பார்க்கவில்லை.

"மூணு மாசம்க்கா," என்றாள் அவள் மெதுவாக. "ராப்பகலா திட்டு வாங்கினேன். நானே நம்பிட்டேன், என் மெஷின்தான்னு. மிதிக்கிறப்பல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டே மிதிச்சேன்."

விரிசலக்கா உளியை எடுத்தாள்.

கீழ்ப்பகுதிப் பட்டி மொத்தத்தையும் பெயர்த்தாள். விரிசலை வாய் அகன்ற பள்ளமாக வெட்டினாள், பேஸ்ட் உள்ளே பிடித்து நிற்க. தூசியைத் தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் தடவினாள். பேஸ்டை ஒரேயடியாக அடைத்தால் காயும்போது உள்வாங்கும். பாதி நிரப்பிவிட்டு மறுநாள் வந்து மீதியை நிரப்பினாள். அன்று சனிக்கிழமை. மெஷின் வாங்க வந்த ஆளை மாமியாரே வாசலோடு திருப்பி அனுப்பினார். "மனச மாத்திக்கிட்டோம்," என்றார், காரணம் சொல்லாமல்.

பேஸ்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய நாடாவின் மேல் ஒரு சாண் ஏற்றி, விரிசல் நடுவில் வரும்படி தரை வரை புதிய வலை நாடாவை ஒட்டினாள். அதன் மேல் மெல்லிய பூச்சு, உப்புத்தாள், பிரைமர். ஜன்னல் மூலையில் இரண்டு மயிரிழை விரிசல்கள் இருந்தன. அவற்றை வெட்டவில்லை. தூசி தட்டி, வளையும் பெயிண்டையே தூரிகையால் உள்ளே ஏறும்படி குத்திக் குத்தித் தடவினாள். அது போதும். கடைசியில் சுவர் முழுக்க இரண்டு கோட்.

வேலை முடிந்த நாள் மெஷின் பழைய இடத்துக்குப் போனது. மருமகள் மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள், முன்னைவிட நெருக்கமாக. அடுக்களை வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"ஓட்டிப் பாரேன்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் ஓட்டினாள். ஒரு சீருடைக் கையை முழு வேகத்தில் தைத்தாள். மாமியார் சுவரைப் பார்த்தார். விரிசலக்காவும் சுவரைத்தான் பார்த்தாள். நல்ல சுவர். இனி பிளக்காது.

மருமகள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. துணியிலும் கண் இல்லை. மிதித்துக்கொண்டே விரிசலக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தையல் முடியும் வரை. விரிசலக்கா தலை குனிந்து, பையில் மீந்திருந்த நாடாச் சுருளைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.