அப்பம் சுட்டது யார்?

அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவதுதான் வேலை. அங்கே எவரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படும். விண்ணப்பங்கள் கோரப்படும், நிராகரிக்கப்படும், பொதுமக்கள் அறிவுறுத்தப்படுவார்கள். யார் நிராகரித்தது என்று கேட்டுக்கொண்டு யாரும் என் மேசைக்கு வந்துவிட முடியாது. அந்தப் பாதுகாப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் "பால்மா வாங்கப்பட வேண்டும்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் பால்மா இல்லை. கணவர் சாய்ந்திருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சனான். ஆரால எண்டு போடேல்லையே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணிதான்.

ஓய்வுக்குப் பிறகு, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கினேன். அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது மட்டும் நல்ல கூர்மை. நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "புத்தகத்தில நானும் வாறனா, புள்ள?"

"நீங்கள் இல்லாமலா அம்மா? முழுக்க நீங்கள்தான்."

அவர் அதைப் பக்கத்து வீட்டுக்கும் மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லி முடித்திருந்தார். புத்தகம் வந்ததும் என்னைக் கொண்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது என்று திட்டம்.

கையெழுத்துப் பிரதியை வெள்ளவத்தையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் கொடுத்தேன். காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அந்த அறை. பதிப்பாசிரியை என்னைவிட வயதில் குறைந்தவர், யாழ்ப்பாணத்துக்காரி, சிரித்துக்கொண்டே வெட்டுகிற ஆள். சில வாரங்களில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் 'யார்? யார்?' என்று எழுதியிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ அக்கா, இதை ஒருக்கா நீங்களே வாசியுங்கோ" என்று ஒரு பக்கத்தை நீட்டினார்.

வாசித்தேன். 'ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையில் அடுப்பு மூட்டப்பட்டு, அப்பம் சுடப்பட்டு, பிள்ளைகள் எழுப்பப்பட்டு, பூசைக்கு அனுப்பப்படுவார்கள்.'

"இதென்ன, வீடோ ஹொஸ்டலோ?"

"பிழை ஒண்டும் இல்லையே" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"பிழை இல்லை. ஆனா ஆர் அப்பம் சுட்டது?"

"அம்மாதான். வேற ஆர் சுடுறது?"

"அவவை நான் இதில காணேல்லையே அக்கா. அம்மாவைப் பற்றின அத்தியாயம் எண்டு தலைப்புப் போட்டிருக்கிறியள். மனிசி ஒரு இடத்தில கூட வரேல்லை."

ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் கிழவி. அவர் இல்லாத புத்தகத்தை எப்படிக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது?

ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் புத்தி லேசில் போகுமா? அங்கேயே பேனையை எடுத்து, 'அம்மாவால் அப்பம் சுடப்பட்டது' என்று திருத்தி நீட்டினேன். பதிப்பாசிரியை விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப அம்மா வந்திட்டா. ஆனா கோட்டில, குற்றவாளிக் கூண்டில ஏறி நிக்கிறா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. ஆளைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, வேலையை அவர் கையில் கொடுக்கவும் வேண்டும். அந்த 'ஆல்' அம்மாவை வாக்கியத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நடுவில் அப்பத்தை உட்கார வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து எழுதினேன். 'அம்மா அடுப்பை மூட்டுவார்' என்று ஒரு வரி. எழுதியதும் அடுத்த வரி தானாக வந்தது. எப்படி மூட்டுவார்? காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையைச் செருகி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊதுகுழலால் ஊதுவார், ஊதிக்கொண்டே எங்களை ஏசுவார். அப்பம் சுடுவார். முதல் அப்பம் எப்போதும் கருகும். அதைத் தனக்கென்று ஒரு பக்கத்தில் வைப்பார். 'சுடப்பட்டது' என்று எழுதியபோது இந்தக் கருகிய அப்பம் ஏன் என் நினைவுக்கே வரவில்லை? ஆளில்லாத சமையலறையில் யாருடைய முகத்தைப் பார்த்து எழுதுவது? எழுதிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே கடைக்குப் போய்ப் பால்மா வாங்கி வந்தார்.

பிறகு எனக்குப் பேய் பிடித்துவிட்டது. 'பட்டது' என்று எங்கே கண்டாலும் வெட்டினேன். அப்பா கொச்சிக்கடையில் துறைமுகக் கூலி. ஒரு காலை அவர் வேலைக்குப் போனபோது 'வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது' என்று எழுதியிருந்தேன். அதை 'அதிகாரிகள் கதவைப் பூட்டியிருந்தார்கள்' என்று மாற்றினேன். பதிப்பாசிரியை அதைப் பழையபடி ஆக்கினார்.

"பூட்டினது ஆரெண்டு உங்கட அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவர் பூட்டைத்தான் கண்டவர்."

"அப்ப வாசிக்கிற ஆளும் பூட்டை மட்டும் காணட்டும். அந்த இடத்தில குளிர் வேணும்."

எந்த இடத்தில் சூடு வேண்டும், எந்த இடத்தில் குளிர் வேண்டும் என்று பிறகுதான் நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

திருத்திய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பூசை முடிந்து அம்மாவிடம் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு உரத்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுப்பு வந்தது, ஊதுகுழல் வந்தது, ஏச்சு வந்தது.

"கருகின அப்பத்தை ஏன் எழுதினாய்? ஊர் சிரிக்கும்" என்றார். உடனே, "அந்த இடத்தை இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். "ஓம், நான்தான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் அப்பாவின் ரேடியோ வருகிறது. ஞாயிறு காலையில் கிரிக்கெட் வர்ணனையை அலறவிட்டு அவர் உட்கார்ந்துவிடுவார். அம்மா கத்துவது யாருக்கும் கேட்காது. 'ஒருநாள் அப்பாவும் நாங்களும் பூசைக்குப் போய் வந்து பார்த்தபோது ரேடியோ உடைக்கப்பட்டிருந்தது' என்று எழுதியிருந்தேன். அந்த நேரம் வீட்டிலேயே நிற்காத தம்பிக்குத்தான் அன்று அப்பாவிடம் ஏச்சு விழுந்தது. அந்த வரிக்குப் பக்கத்திலும் பதிப்பாசிரியை பென்சிலால் 'யார்?' என்று கேட்டிருந்தார்.

"அம்மா, இதை ஆர் உடைச்சது? ஆளைப் போட்டு எழுதினால்தான் வடிவு எண்டு சொல்லுகினம்."

அம்மா கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அது அப்பிடியே இருக்கட்டும், புள்ள. வடிவாத்தான் இருக்கு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பென்சிலை எடுத்து, பதிப்பாசிரியையின் 'யார்?' என்ற கேள்விக்குக் கீழே என் பழைய திணைக்களத் தமிழிலேயே பதில் எழுதினேன்: 'இதுவரை கண்டறியப்படவில்லை.'