பழைய பாஸ்வேர்டு

இறந்துபோன என் கணவனின் மெயிலை யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அவன் இவன்தான். ஒரு மதியம் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் பெயரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். மெயிலை மட்டும் மூட முடியவில்லை. கரண்ட் பில், கேஸ், ஹைதராபாத் கொண்டாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககச் சங்கத்தின் அறிவிப்புகள் எல்லாம் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தன. சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்கி, அமீர்பேட்டில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் சர்வரில் அந்த மெயிலை வைத்திருந்தான். அதன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். என் போனிலும் லேப்டாப்பிலும் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொண்டேன்.

சில மாதங்கள் ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் கவனித்தேன். காலையில் காபியோடு போனை எடுத்தால், நான் தொடாத மெயில்கள் திறந்து கிடந்தன. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், படித்துவிட்டால் மெலிந்துவிடும். ஒரே பெட்டியை எத்தனை கருவியில் பார்த்தாலும் சர்வர் கணக்கு வைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் திறந்தால் எல்லா இடத்திலும் மெலியும். இது எனக்குத் தெரியாததில்லை. அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. என் வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதும் தெரியும்.

முதலில் என் கைதான் தூக்கக் கலக்கத்தில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோதித்துப் பார்க்க, வந்த மெயில் எதையும் தொடாமல் விட்டேன். மறுநாள் காலை சில திறந்திருந்தன. எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடன் அட்டை விளம்பரங்கள் தடித்த எழுத்திலேயே இருந்தன. அவற்றை அவனும் தொடமாட்டான். கல்லூரி நண்பர்கள் எழுதியது, செகந்திராபாத் கோயிலிலிருந்து வரும் வாரச் செய்தி, பழைய ரேடியோக்கள் விற்கும் ஒருவனின் கடிதம் ஆகியவை திறந்திருந்தன. அவன் எதைத் திறப்பானோ அதை யாரோ திறந்திருந்தார்கள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பேசுகிறவர்களை முகத்துக்கு நேரே கிண்டல் செய்வேன். ஆனாலும் சில நாட்கள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் யாராவது காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. காலையில் கண் விழித்ததும், இன்றைக்கு எதைப் படித்திருக்கிறான் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது நல்ல பத்து நிமிடமாகத்தான் இருந்தது.

புத்தி வந்ததும் கோபம் வந்தது. எவனோ திருடன் என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் கணவனின் கடிதங்களைப் படிக்கிறான், நானோ அதை ரசித்துக்கொண்டிருக்கிறேன்! ஒரு சனிக்கிழமை காலை கம்பெனியின் தளத்துக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த நிமிடமே என் போன் பாஸ்வேர்டு தவறு என்றது. கட்டத்தைத் தொட்டதும், சேமித்து வைத்திருந்த பழையதையே அதுவாக நிரப்பியது. அதை அழித்துவிட்டுப் புதியதை அடித்தேன். லேப்டாப் இன்னும் கொஞ்சம் வேலை வைத்தது. உள்ளே வரும் மெயிலுக்கு மாற்றியதும் மெயில்கள் வந்தன, சரி முடிந்தது என்று நினைத்தேன். சங்கத்துக்கு ஒரு பதில் எழுதினால் அது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துகொண்டது. வெளியே போகும் சர்வருக்கு அதே பாஸ்வேர்டு தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அதையும் மாற்றிய பிறகுதான் கிளம்பியது.

அதன் பிறகு எந்த மெயிலும் தானாகத் திறக்கவில்லை. வைத்தது வைத்தபடி தடித்த எழுத்தில் கிடந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

இரண்டொரு நாளில் வேறு தொல்லை ஆரம்பித்தது. சரியான பாஸ்வேர்டு போட்டாலும் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும். சிறிது நேரம் கழித்து உள்ளே விடும். மறுபடி பூட்டிக்கொள்ளும். அமீர்பேட் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தெலுங்கில் பொறுமையாகப் பேசினாள். தவறான பாஸ்வேர்டு தொடர்ந்து வந்தால் சர்வர் தானாகவே கணக்கைப் பூட்டும் என்றாள். பதிவுகளைப் பார்த்துவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை யாரோ வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள் என்றாள்.

“திருடனா?” என்று கேட்டேன்.

திருடன் இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான் என்று சிரித்தாள். ஹைதராபாத்துக்குள்ளேயே ஒரு வீட்டு பிராட்பேண்டிலிருந்துதான் வருகிறது; பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த ஏதோ கருவி, மாறியது தெரியாமல் அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். போன், லேப்டாப் தவிர டேப்லட் ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னாள். காலை வேளைகளில் மட்டும் அந்த ஒழுங்கு கலைகிறது. அடுத்தடுத்து நாலைந்து முயற்சிகள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி சில. யாரோ யோசித்து யோசித்துக் கையால் அடிப்பதுபோல இருக்கிறது என்றாள்.

டேப்லட் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டு, சார்ஜ் ஏறாமல் செத்துப்போன டேப்லட். அவனுடைய சட்டைகளோடும் புத்தகங்களோடும் அதையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தார்நாகாவுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே என் மாமனார் தனியாக இருக்கிறார். ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். செத்த கருவியை அவர் சும்மா வைத்திருப்பார் என்று நான் எப்படி நினைத்தேன்?

லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலையே போனேன். கதவு திறந்திருந்தது. மாமா சாப்பாட்டு மேஜையில் டேப்லட்டை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார். திரையில் பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். என்னைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் அவரே நிமிர்த்தினார்.

“சார்ஜ் போடுற இடம்தாம்மா கெட்டிருந்துச்சு. மாத்திட்டேன்,” என்றார். “அவன் பூட்டு ஒண்ணும் போடல. திறந்தா மெயில் வந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ பாஸ்வேர்டு கேக்குது. அவன் பொறந்த நாள் போட்டேன், உன் பொறந்த நாள், உங்க கல்யாண நாள், நம்ம பழைய குவார்ட்டர்ஸ் நம்பர். ஹவ், ஆமாம்மா, எல்லாமே தப்பு. அவன் எனக்குச் சொல்லலியே.” திரையை விரலால் துடைத்தார். “அடுத்தவங்க மெயில் படிக்கறது தப்புதான்.”

“கரண்ட் பில்லைப் படிச்சிட்டு என்னத்த மாமா தப்பு?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

பாஸ்வேர்டை மாற்றியது நான்தான், திருடன் என்று பயந்து மாற்றினேன் என்று சொன்னேன். மெயில்கள் தானாகத் திறந்திருந்ததைச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தையும் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? மாமா வெகுநேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கும் அப்படித்தாம்மா,” என்றார். “காலையில திறந்தா சிலது ஏற்கெனவே படிச்சு இருக்கும். நீதான்னு தெரியும். ஆயுசு பூரா லேப்ல இருந்தவன், இது தெரியாதா? ஆனா தெரிஞ்சுக்காம இருந்தேன். அவன் முன்னாடியே எந்திரிச்சுப் படிச்சிட்டான், மிச்சத்தை எனக்கு வச்சிருக்கான்னு நெனச்சுக்குவேன். மிச்சத்தை நான் படிப்பேன்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க டேப்லட்டை இழுத்துக்கொண்டேன். செட்டிங்ஸுக்குள் போய், கணக்கைத் திறந்து, உள்ளே வரும் சர்வருக்கான பழைய புள்ளிகளை அழித்துப் புதிய பாஸ்வேர்டை அடித்தேன். வெளியே போகும் சர்வருக்கும் அடித்தேன்.

“அது எதுக்கு? நான் யாருக்கும் எழுதலயே.”

“இருக்கட்டும் மாமா. பாதியில விட்டா அப்புறம் தொல்லை கொடுக்கும்.”

பூட்டு விலகும்வரை காத்திருந்து மறுபடி தட்டியதும் கட்டம் மறைந்தது. சின்ன வட்டம் சுற்றியது. இத்தனை நாள் வெளியே நின்ற மெயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கின. மாமா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். இந்த நாட்களில் வந்தவை எல்லாம் மெலிந்த எழுத்தில் இருந்தன. பூட்டுத் தொல்லைக்கு நடுவே உள்ளே போனபோதெல்லாம் பயத்தில் ஒன்று விடாமல் திறந்து பார்த்திருந்தேன்.

“எல்லாம் நீ படிச்சிருக்க,” என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சும்மா பார்த்ததைச் சொன்னார். ஆனால் அந்த ‘நீ’ அவர் வாயிலிருந்து வந்ததும், இனி அவன் படித்தான் என்று நினைத்துக்கொள்ள முடியாது என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டேப்லட்டின் உறையை மூடி என் பக்கம் தள்ளினார்.

“நீ எடுத்துட்டுப் போம்மா.”

“என்ன மாமா இது? இதுக்குத்தான லீவு போட்டு வந்திருக்கேன்? வேணும்னா நான் எதையும் திறக்காம விட்டுர்றேன். எல்லாத்தையும் நீங்களே திறங்க.”

“நக்கோம்மா, வேணாம்,” என்றார் மெதுவாக. “இனிமே திறந்திருந்தா நீ. திறக்காம இருந்தாலும் நீதான.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வற்புறுத்திப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் எனக்கு டீ போட்டார். குடித்துவிட்டு, டேப்லட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். வழி நெடுக அது சத்தமே இல்லாமல் மடியில் கிடந்தது.

கொண்டாப்பூரில் வீட்டுக் கதவைத் திறந்து, பையைச் சோபாவில் வைத்தேன். எங்கள் வீட்டு வைஃபை அதற்கு இன்னும் நினைவிருந்திருக்கிறது. நான் எதையும் தொடாமலே தானாக இணைந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துச் சங்கத்திலிருந்து ஒரு மெயில், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள் என்று. போன் கையில் அதிர்ந்தது. மேஜைமேல் லேப்டாப் மணியடித்தது. ஒரு நொடி கழித்துப் பைக்குள்ளிருந்து அவனுடைய டேப்லட்டும் அடித்தது. மூன்றுக்கும் இப்போது சரியான பாஸ்வேர்டு தெரியும். திறக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.