முதலாவதாக வந்த தூசி மெஷின்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அந்த வருஷம் புது இயந்திரங்களுக்கு ஒரு கோடிதான் என்று வங்கி கறாராகச் சொல்லிவிட்டது. கேட்டு வந்த திட்டங்களோ நான்கு. ஒவ்வொன்றும் வருங்காலத்தில் தரும் பணத்தின் இன்றைய மதிப்பை, முதலில் போடும் பணத்தால் வகுத்தேன். லாபக் குறியீடு என்பது அவ்வளவுதான்; அது கூடுதலாக உள்ளதற்கு முதலிடம்.

தோலைத் தேய்க்கும் பஃபிங் பிரிவுக்குத் தூசி உறிஞ்சும் மெஷின், முப்பது லட்சம், குறியீடு 1.5. தூசி படிந்து தோல் கழிவாவது நின்றாலே போட்ட பணம் திரும்பிவிடும். கழிவுநீரிலிருந்து குரோமியம் மீட்கும் அமைப்பு ஐம்பது லட்சம், 1.4. தோல் பதனிடப் புது டிரம் இருபது லட்சம், 1.35. மூன்றும் சேர்ந்தால் சரியாக ஒரு கோடி, போட்டது போக நிகர லாபம் நாற்பத்திரண்டு லட்சம்.

நான்காவது, முதலாளி மகன் இத்தாலிக் கண்காட்சியில் பார்த்து மயங்கிய பாலிஷ் மெஷின். எண்பது லட்சம், 1.3. கடைசி இடம்.

அந்த மேதை சும்மா இருப்பாரா? சுங்கவரி, அஸ்திவாரம், மின்வேலை என்று நாற்பது லட்சத்தை முதலீட்டிலிருந்து உருவி, 'செலவு' என்று வரவிலிருந்து கழித்தார். நூற்று நான்கு லட்ச வரவை எண்பதால் வகுத்தது போய், அறுபத்து நான்கை நாற்பதால் வகுத்தார். 1.6! நிகர லாபம் அதே இருபத்து நான்கு. ஒரு பைசா கூடவில்லை, இடம் மட்டும் முதலாவது. இதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தில் சொன்னேன்: அந்த நாற்பதும் இந்த வருஷமே, இதே கோடியிலிருந்துதான் போகும், மிச்சம் இருபதில் டிரம் மட்டும்தான் வரும், பதினோரு லட்சம் லாபம் குறையும். மகன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னார்:

"பையன் அங்க வார்த்த குடுத்துட்டு வந்துட்டான்ப்பா. தூசி மெஷின அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வெட்கங்கெட்ட மனுஷர். மகனின் வாய்க்கு ஊரார் நெஞ்சு விலை.

பஃபிங் பிரிவில் ஒரு அக்கா. மூக்கில் துணி கட்டியும் இருமல் விடவில்லை. இருமல் நிற்காவிட்டால் வேலையை விடச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் அக்காவின் சம்பளம் ஒன்றுதான். தூசி மெஷினுக்கு அளவெடுக்க ஆள் வந்து போனதிலிருந்து அதையே நம்பிக்கொண்டிருந்தார். கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தினார்.

"நம்ப மெஷினு எத்தினியாவதா வந்துச்சு சார்?"

"முதலாவதாம்மா."

"அப்ப எப்ப மாட்டுவாங்க?"

இந்த வருஷம் இல்லை என்றேன். இருமி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தார்.

"மொதல்ல வந்தும் இல்லன்னா, இன்னாத்துக்கு சார் கணக்கு போட்டீங்க?"