கோடில்லாப் பதிவேட்டில் ஒரு தேதி

பிரேமாவின் அப்பா வள்ளியூரிலிருந்து வந்து தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போட்டவர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிரேமா, பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கணினிக்கு ஏற்றும் ஒரு சிறிய நிறுவனத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள்.

மூடிப்போன ஒரு காசநோய் ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவேடுகள் அவளிடம் வந்தன. எல்லாம் தட்டச்சு. கோடு எதுவும் கிடையாது. எண், பெயர், ஊர், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி, இறந்த தேதி என்று ஆறு பத்திகள். தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும்தான். பிறகு இடைவெளியே எல்லை. பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை எழுத்தே படாமல் ஓடும் வெள்ளைப் பட்டையைத் தேடி, அங்கே பத்தியைப் பிரிக்கும்படி மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது.

ஆனால் குண்டூசித் துருவும் மைக்கறையும்கூட எழுத்தாகப் படிக்கப்பட்டு, ஓரங்களில் இல்லாத பத்திகள் முளைத்தன. அதனால் பிரேமா ஒரு விதியைச் சேர்த்தாள்: குறைந்தது மூன்று வரிகளிலாவது எழுத்து இல்லையென்றால் அது தனிப் பத்தி அல்ல, இடப்பக்கத்துப் பத்தியோடு சேர்த்துவிட வேண்டும். பக்கங்கள் சுத்தமாயின. ஆஸ்பத்திரியை நடத்திய அறக்கட்டளை பட்டியலை இணையத்தில் போட்டது.

இரண்டு மாதம் கழித்து, போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து பேச்சி என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து பிரேமாவிடம் அனுப்பப்பட்டாள். பேச்சிக்குப் பன்னிரண்டு வயதில் அவள் அம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா திரும்பவில்லை. யாருடனோ போய்விட்டாள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

“மோளு போன்ல நோக்கிச் சொன்னா, ஆகஸ்ட் பதினாலு டிஸ்சார்ஜுன்னு,” என்றாள் பேச்சி, மகள் பார்த்துச் சொன்னதை மலையாளம் கலந்த தமிழில். “சுகமாச்சுன்னா வீட்டுக்குத்தானே வரணும்? எங்க போச்சுன்னு அறிஞ்சா மதி மேடம், அது போதும்.”

பிரேமா அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்தாள். முப்பத்தொரு வரி. டிஸ்சார்ஜ் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒரே ஒரு தேதி மட்டும் பதினான்கு எழுத்து தள்ளி, வலப்பக்கம் தனியாக இருந்தது. அந்த வரியில் டிஸ்சார்ஜ் இடம் காலி. தனியாக நின்ற தேதியை அவளுடைய விதி இடப்பக்கம் இழுத்து, அந்தக் காலி இடத்தில் வைத்திருந்தது. அங்கே அது பொருத்தமாகவே தெரிந்ததால், எண்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்த சரிபார்ப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அது இறந்த தேதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தட்டச்சு செய்தவர் இடம் மாறி அடித்திருக்கலாமே. இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் பேச்சியை அனுப்பிவைத்தாள்.

அந்தத் தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். சாய்ந்திருந்த பக்கங்களை நேராக்கி, பதிவேடு முழுவதிலும் ஒவ்வொரு தேதியும் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்று எண்ணவைத்தாள். ஒரு பக்கத்தில் ஒற்றையாய்த் தெரிந்தது, எல்லாப் பக்கங்களையும் சேர்த்தபோது ஒற்றையாய் இல்லை. தேதிகள் தெளிவாக மூன்று இடங்களில் குவிந்தன. பேச்சியின் அம்மாவுடைய தேதி மூன்றாவது குவியலில் இருந்தது. முதல் பக்கத்தில் அதற்கு நேர் மேலே இருந்த தலைப்பு ‘இறந்த தேதி’. அறக்கட்டளைக்குப் போய் மூலப் பதிவேட்டின்மேல் ஸ்கேல் வைத்தும் பார்த்தாள். அதுபோல இடம் மாறியவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

கோப்பைத் திருத்தி அனுப்பிவிடலாம் சேச்சி, எதற்குப் பெரிதாக்க வேண்டும் என்றான் குழுத் தலைவன் ஜிபின். தப்பான பட்டியலை யார் யார் பார்த்துவிட்டார்களோ தெரியாதே என்றாள் பிரேமா. விதி தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, நாற்பத்து மூன்று பெயர்களையும் அறக்கட்டளைக்குக் கொடுத்தாள்.

பிறகு தம்பானூரில் பஸ் ஏறிப் போனக்காட்டுக்குப் போனாள். போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் அந்தப் பக்கத்தின் அச்சை விரித்து, எந்த இடம், எப்படித் தவறியது என்று காட்டினாள்.

“உங்க அம்மா அங்கேயே இறந்துட்டாங்க அக்கா. தப்பு என்னோடது.”

பேச்சி அந்தத் தேதியின்மேல் விரலை வைத்தாள். பிறகு, “அப்போ எங்கள விட்டுட்டுப் போகல்ல,” என்றாள்.

சாவுச் செய்தி தோட்டத்துக்கு வந்ததா, அப்பா மறைத்தாரா என்பதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று பேச்சி கேட்டாள். பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை. பிரேமா அதையும் சொன்னாள்.

அந்த வருடம் கர்க்கடக வாவு என்னும் ஆடி அமாவாசை அன்று பேச்சி திருவல்லத்து ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்து, அம்மாவுக்கு முதல் முறையாகத் தர்ப்பணம் கொடுத்தாள். பிரேமா லீவு எடுத்துக்கொண்டு போய், அவள் ஆற்றில் முங்கி எழும்வரை படியில் நின்று, ஈரத்தோடு வந்தவளிடம் துண்டை நீட்டினாள்.